“நான் யார் சொல்லுங்கள் பார்ப்போம்” என்று இனிக் கேட்க வேண்டாம்

மதிப்புக்குரிய டொக்டருக்கு,

என்னை வளர்த்தவர் அம்மம்மா. வயது 82. ஒட்டுசுட்டானுக்கு அருகில் பெரியம்மாவோடு இருக்கிறார். முதுமை மறதி நோய் என்று மூன்று வருடங்களுக்கு முன்பு சொன்னார்கள். நான் கொழும்பில் வேலை செய்கிறேன். சித்திரை வருடப்பிறப்புக்குப் போனபோது, வாசலில் நின்றபடி “அம்மம்மா, நான் யார் சொல்லுங்கள் பார்ப்போம்” என்று கேட்டேன். “நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை?” என்று திருப்பிக் கேட்டார். பெரியம்மாவும் அயலவர்களும் என் பெயரைச் சொல்ல வைக்கப் பார்த்தார்கள். கோபித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால் பயப்படுகிறார். இன்னொரு நாள் அவனையே பார்த்து, 2009இல் காணாமல் போன எங்கள் மாமாவின் பெயரைச் சொல்லி, “வந்துவிட்டாயா?” என்று அழுகிறார். அடுத்த முறை நாங்கள் எப்படி உள்ளே போவது? என்ன சொல்வது?

— ஒரு பேத்தி, கொழும்பு

அன்புள்ள தங்கைக்கு,

கிளினிக்கில் நாங்களும் அப்படித்தான் கேட்கிறோம். இன்று என்ன கிழமை, இது எந்த மாவட்டம், நான் சொன்ன மூன்று சொற்களைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று. 1975இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட, மொத்தம் 30 புள்ளிகள் கொண்ட ஒரு பரிசோதனை உலகம் முழுவதும் இதற்குப் பயன்படுகிறது. ஆனால் அது அளவெடுப்பு மட்டுமே. நோய் எங்கே நிற்கிறது என்று அறிவதற்காகக் கேட்டு, குறித்துவைத்துவிட்டு நிறுத்திவிடுவோம். கேட்கக் கேட்க ஞாபகம் திரும்பும் என்ற நம்பிக்கையில் எவரும் அதைச் செய்வதில்லை. வீடுகளிலோ படலையைத் திறந்து வருகிற ஒவ்வொருவரும் பரிசோதகர் ஆகிவிடுகிறார்கள். பால்காரர்கூட “என்னைத் தெரிகிறதா அம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் பாலை ஊற்றுகிறார். ஒரு நாளில் ஆறேழு தரம் தோற்கடிக்கப்படுகிற மனிதர் கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

அம்மம்மா உங்களிடம் கேட்ட கேள்வியைச் சற்றுக் கவனியுங்கள். இந்த நோயில் பெரும்பாலும் முதலில் சேதமாவது புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி. பிறகு அண்மைய வருடங்கள் மங்கும். பழையவை நெடுநாள் தங்கும். ஆகவே அவருக்குள் நீங்கள் இருக்கக்கூடும், ஆனால் இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சட்டையுமாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாக. வாசலில் நிற்பதோ வளர்ந்த ஒரு பெண். அந்த முகத்துக்குப் பொருந்துகிற பேத்தி அவரிடம் இல்லை. அதனால் வன்னியில் ஒரு மூத்த பெண் அறியாத விருந்தாளியிடம் மரியாதையாக எதைக் கேட்பாரோ அதையே கேட்டிருக்கிறார். அவருடைய பண்பாடு கலையவில்லை. நீங்கள் அந்த இடத்திலேயே “நான் வாணி, கொழும்பிலிருந்து வந்திருக்கிறேன்” என்று சாதாரணமாகப் பதில் சொல்லியிருந்தால், அவர் உங்களை உட்காரச் சொல்லியிருக்கவும் கூடும். (வாணி என்பது நான் வைத்துக்கொண்ட பெயர், உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சம்பவம் மறந்த பிறகும் அதனால் வந்த உணர்ச்சி மறையாமல் நிற்கிறது. 2014இல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்குத் துயரமான திரைப்படக் காட்சிகளையும் பிறகு மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். சில நிமிடங்களில் எதைப் பார்த்தோம் என்பதே பலருக்கும் நினைவில்லை. துயரமும் மகிழ்ச்சியும் மட்டும் அதன் பிறகும் நெடுநேரம் இருந்தன. சித்திரையில் நடந்ததை அம்மம்மா மறந்திருப்பார். ஆனால் அன்று பின்னேரம் முழுவதும், ஏன் என்று தெரியாமலே, அவருக்கு ஏதோ அவமானமாக இருந்திருக்கும். நீங்கள் வாசலில் நடந்துகொள்ளும் முதல் ஒன்றிரண்டு நிமிடம்தான் அவருடைய அடுத்த சில மணித்தியாலங்களைத் தீர்மானிக்கிறது.

இனி அடுத்த பயணத்துக்கு வருவோம். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தால் விடியும் முன்பே வீட்டில் நிற்பீர்கள். அந்த இருட்டில் அம்மம்மாவை எழுப்பி முகம் காட்ட வேண்டாம். குளித்து, சற்றுத் தூங்கி, அவர் காலைச் சாப்பாடு முடித்த பிறகு, ஒன்பது பத்து மணியளவில் சந்தியுங்கள். இந்த நோயுள்ளவர்களில் பலருக்கு வெயில் சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடும். புதிய முகம் எதற்கும் அது ஏற்ற வேளை இல்லை. நீங்கள் வருவதைப் பெரியம்மா முதல் நாளே சொல்லிவைக்கவும் வேண்டாம். யாரோ வரப்போகிறார்கள் என்ற பரபரப்பு மட்டும் அவரிடம் நிற்கும், யார் என்பது நிற்காது. நீங்கள் படலைக்கு வந்த பிறகு, “வாணி வந்திருக்கிறாள், உங்களோடு தேத்தண்ணீர் குடிக்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வாசலில் நிற்காதீர்கள். நம்முடைய வீடுகளில் விறாந்தை நிழலாக இருக்கும், முற்றத்தில் வெயில் கண்ணைப் பறிக்கும். வாசலை மறைத்துக்கொண்டு நிற்பவர் உள்ளே இருப்பவருக்கு முகமில்லாத கறுப்பு உருவமாகவே தெரிவார். வெண்புரை உள்ள கண்களுக்கு அதுவும் தெளிவாகத் தெரியாது. ஆகவே வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற பக்கமாக வாருங்கள். கறுப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ போய்த் தோளைத் தொடக் கூடாது. அவர் பார்வை கவனிக்கிற வட்டம் நாளாக ஆகச் சுருங்கிவிடுகிறது. ஓரத்தில் வருபவர் திடீரென்று முளைத்தவர் போலத் தோன்றுவார். நேர் முன்னால், ஆறடி தூரத்தில் நின்றுவிடுங்கள். சிரித்தபடி கையை உயர்த்திக் காட்டுங்கள், அல்லது கும்பிடுங்கள். கும்பிடுவது இந்த ஊரில் எந்த மூத்தவருக்கும் பழகிய சைகை. சொல் புரியாத வேளையிலும் அது புரிகிறது. அவர் கண் உங்கள் மேல் பதிந்த பிறகு மெதுவாகக் கிட்டப் போங்கள். கடைசி இரண்டடியில் முகத்துக்கு முகமாக நிற்காமல் சற்றுப் பக்கத்துக்கு விலகி, அவர் கண்மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ உட்காருங்கள். அவர் கதிரையில் இருந்தால் நீங்கள் ஒரு பலகையைப் போட்டுக்கொள்ளலாம். நேர் எதிரில் நின்று குனிந்தால் வழியை மறித்ததுபோல் ஆகிவிடும். பிறகு உள்ளங்கை மேலே பார்க்க உங்கள் கையை நீட்டுங்கள். அவர் தன் கையை அதன்மேல் வைத்தால் வைக்கட்டும். நீங்களாகப் பிடித்து இழுக்க வேண்டாம்; கட்டியணைத்துக் கன்னத்தில் கொஞ்சவும் வேண்டாம். உங்களுக்கு அது அம்மம்மா. அவருக்கு, அந்தக் கணத்தில், தெரியாத ஒருத்தி முகத்தை முகத்தருகே கொண்டுவருகிறாள். அவராகக் கன்னத்தைத் தந்தால் அன்று கொஞ்சுங்கள்.

இதை ஒரு ஒழுங்கான முறையாக்கிப் பலருக்கும் கற்றுக்கொடுத்தவர் டீப்பா ஸ்னோ என்ற அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர். வன்னிக்கென்று நான் சேர்ப்பது வெயிலையும் கும்பிடுவதையும் தலைக்கவசத்தையும்தான். தலைக்கவசத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனிச் சொல். முதலில் உங்கள் பெயர். “நான் வாணி.” அதற்குப் பின்னால் கேள்வி எதையும் ஒட்டாதீர்கள். வெற்றிலைத் தட்டத்தை நீட்டுவதுபோல் பெயரை நீட்ட வேண்டும்; எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி. அடுத்து, ஏன் வந்தீர்கள் என்பது: “உங்களோடு தேத்தண்ணீர் குடிக்க வந்தேன்.” அவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். கேட்டதை விளங்கிக்கொண்டு பதிலைத் தேட அவருக்குப் பத்து விநாடிக்கு மேலும் ஆகலாம். நம் ஆட்கள் மூன்றாவது விநாடியிலேயே அதே வசனத்தை இன்னும் உரக்கச் சொல்லிவிடுகிறார்கள். அவர் தேடலை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது, குரல் உயர்ந்ததால் யாரோ திட்டுகிறார்கள் என்றும் நினைக்கிறார்.

உறவைச் சொல்லவே கூடாது, “உங்கள் பேத்தி” என்றால் அதுவே அழுத்தம் என்று சில ஆலோசகர்கள் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். தகவலைத் தருவது பரிசோதனை ஆகாது. அவர் “யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டால், “உங்கள் இளைய மகளின் பிள்ளை” என்று சொல்லுங்கள். முகம் மலர்ந்தால் நல்லது. “எனக்கு ஏது அவ்வளவு பெரிய பேத்தி?” என்று குழம்பினால், விட்டுவிடுங்கள், “நான் வாணி, இந்த வீட்டுக்கு வந்துபோகிற பிள்ளை” என்பதோடு நிற்கட்டும். அவர் உங்களைத் தன் தங்கையாகவோ தோழியாகவோ எடுத்துக்கொண்டாலும் திருத்த வேண்டாம். “அம்மம்மா” என்று அழைத்தால் திரும்பாமல் “அம்மா” என்றால் திரும்புகிறாரா என்றும் பாருங்கள். மனதுக்குள் நாற்பது வயதில் இருக்கிற ஒரு பெண் அம்மம்மா என்ற அழைப்பு தனக்கில்லை என்று நினைப்பது இயல்பு.

கேள்வியே கேட்கக் கூடாதா என்றால், கேட்கலாம். பதில் கண்ணுக்கு முன்னால் இருக்கும் கேள்வியைக் கேளுங்கள். “நானும் இந்த நிழலில் இருக்கலாமா?”, “தேத்தண்ணீருக்குச் சீனி போடட்டுமா?” என்பவற்றுக்கு நினைவு வேண்டியதில்லை. “காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?”, “போன மாதம் நான் வந்தேனே?”, “இந்தப் படத்தில் இருப்பது யார்?” என்பவை அன்பாகக் கேட்டாலும் பரீட்சைதான். அவற்றைக் கேள்வியாகக் கேட்காமல் நீங்களே கதையாகச் சொல்லுங்கள். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் அவர் வயல் செய்தவராக இருந்தால், “வரும் வழியில் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தேன்” என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். தொடர விரும்பினால் அவரே தொடர்வார். மதகு, வரம்பு, சூடடிப்பு என்று அரை மணித்தியாலம் போகலாம். உங்கள் பெயர் அதில் ஒரு தரமும் வராது. அதனால் என்ன?

பேச்சு ஓடாவிட்டால் கைக்கு வேலை கொடுங்கள். முருங்கையிலை ஒரு பிடியைச் சுளகில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து ஆயத் தொடங்குங்கள். கை பழகிய வேலைகள் மூளையில் வேறு வழியாகச் சேமிக்கப்படுவதால் அவை நெடுநாள் நிலைக்கும். அவர் கை தானாகவே சுளகுக்கு வரும். பழைய வாசனைகளைக் காட்டி நினைவைத் தூண்டலாம் என்று யாராவது சொன்னால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மோப்பம் இந்த நோயில் தொடக்கத்திலேயே குறைந்துவிடுகிறது.

எல்லா நாளும் இது பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. “நீ வாணி இல்லை, அவளைப் போல வந்த கள்ளி” என்றுகூடச் சொல்லலாம். வாதாட வேண்டாம், அடையாள அட்டையைக் காட்ட வேண்டாம். “சரி அம்மா, நான் பிறகு வருகிறேன்” என்று கிணற்றடிப் பக்கம் போய், கால் மணித்தியாலம் கழித்து மறுபடி முதலிலிருந்து வாருங்கள். இரண்டாம் முறை, முகம் தெரியும் முன்பே வெளியில் நின்று பேச்சுக் குரல் கேட்கும்படி செய்து பாருங்கள். முகம் அந்நியமாகிவிட்ட சிலருக்குக் குரல் இன்னும் சொந்தமாக இருக்கும்.

இனித் தம்பி. முழுமுகத் தலைக்கவசத்தோடு ஒழுங்கையில் இரைந்து வந்து முற்றத்தில் இறங்குகிற ஆண், அதிலும் வன்னியில், அதிலும் அந்த வருடங்களைக் கடந்த ஒரு தாய்க்கு, பேரனாகத் தெரிய மாட்டான். மோட்டார் சைக்கிளைப் படலைக்கு வெளியே நிறுத்தி, அங்கேயே தலைக்கவசத்தைக் கழற்றி, தலையை வாரிக்கொண்டு, நடந்து வரச் சொல்லுங்கள். இரவில் வந்தால் முகத்துக்கு டோர்ச் அடிக்கக் கூடாது. தன் முகத்தில் வெளிச்சம் விழும்படி பிடித்துக்கொண்டு, பெயரைச் சொல்லிக்கொண்டே வரட்டும்.

மாமாவின் பெயரால் அழைக்கப்படும்போது தம்பி தவிப்பது எனக்குப் புரிகிறது. இது இங்கே பல வீடுகளில் நடக்கிறது. காணாமல் போனவர்களுக்காக 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் பிள்ளையின் படத்தை மடியில் வைத்திருந்த தாய்மாரில் சிலர் இப்போது இந்த நோயோடு எங்களிடம் வருகிறார்கள். நோய் எதையெல்லாமோ எடுத்துவிடுகிறது, காத்திருப்பை மட்டும் விட்டுவைக்கிறது. “நான் மாமா இல்லை, மாமா இல்லாமல் போய் எத்தனை வருடம்” என்று தம்பி சொன்னால், அவர் அந்தச் செய்தியை முதன்முதலாகக் கேட்கிற தாயாக அழுவார். நாளை மறந்துவிட்டு மறுபடி கேட்பார், மறுபடி முதன்முதலாக அழுவார். மாமாவைப் பற்றி உறுதியான செய்தி எதுவும் இல்லாத வீட்டில், அது நீங்கள் சொல்லக்கூடிய உண்மையும் இல்லை. “ஆம் அம்மா, நான்தான் வந்துவிட்டேன்” என்று தம்பி சொல்வதையும் நான் விரும்பவில்லை. அரை மணித்தியாலத்தில் அவன் கிளம்புவானே. அந்தத் தாயிடமிருந்து மகன் இன்னொரு தரம் போவான். அதோடு, அவனுக்கும் அது தாங்கும் சுமை அல்ல.

ஆகவே பெயரை மறுக்காமலும் ஏற்காமலும், அழைப்பில் உள்ள அன்புக்குப் பதில் சொல்லட்டும். “உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் அம்மா” என்று பக்கத்தில் உட்காரலாம். அது பொய்யில்லை. அவர் வேறு வேளையில் உங்களிடம் “மகன் வந்துவிட்டானா?” என்று கேட்டால், “இன்னும் வரவில்லை அம்மா” என்று சொல்லுங்கள். “நாளை வருவான்” என்று மட்டும் சேர்க்காதீர்கள். அப்படிச் சொன்ன வீடுகளில் தாய்மார் நாள் முழுவதும் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், தேடிக்கொண்டு வீதிக்கு இறங்குவதையும் கண்டிருக்கிறேன். “இன்னும் வரவில்லை” என்ற பிறகு பேச்சை அவன் பக்கமே கொண்டுபோங்கள்: “உங்கள் கையால் வைத்த மீன்குழம்பு என்றால் அவனுக்கு உயிராமே.” அவர் மகனைப் பற்றிப் பேசட்டும், அழுதால் அழட்டும், கையைக் கொடுத்துக்கொண்டு இருங்கள். மகனை நினைத்து அழுவது நோயின் அறிகுறி இல்லை, அதை நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. சுவரில் உள்ள படத்தைக் காட்டி “இது யார்?” என்று கேட்பதை மட்டும் வருகிறவர்கள் எல்லோரும் விட்டுவிட வேண்டும். படத்தைக் கழற்றலாமா என்றால், அதைப் பார்க்கும் நேரத்தில் அவர் அமைதியடைகிறாரா, பதறுகிறாரா என்று ஒரு வாரம் பெரியம்மா கவனித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

அயலவர்களைத் திருத்துவது கடினம். நோயைப் பற்றி விளக்கம் சொல்வதைவிட அவர்களுக்கு ஒரு வசனத்தைக் கொடுத்துவிடுவது சுலபம். “உள்ளே வரும்போது உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வாருங்கள், அம்மாவுக்குக் கண் சரியில்லை” என்று பெரியம்மா படலையிலேயே சொல்லலாம். கண்ணைக் காரணம் சொன்னால் எவரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வீடியோ அழைப்பில் வருகிறவர்களுக்கும் இதே சட்டம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். முதலில் பெயர், பிறகு அங்கே மழையா பனியா என்று தங்கள் கதை. திரையின் மூலையில் தெரிகிற தன் சிறிய உருவத்தை வேறு யாரோ கிழவி என்று நினைத்து அம்மம்மா பயந்தால், அந்த மூலையை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள், அல்லது குரல் அழைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு விடயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். நோயால் வருகிற மறதி மாதக் கணக்கில் மெல்லக் கூடும். நேற்று வரை பெரியம்மாவை அறிந்தவர் இன்று திடீரென்று அறியவில்லை, ஒரு மணி நேரம் தெளிவும் ஒரு மணி நேரம் குழப்பமுமாக இருக்கிறார், பகலெல்லாம் தூங்கி விழுகிறார், இல்லாதவற்றைக் காண்கிறார் என்றால், அது வேறு. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வன்னி வெயிலில் தண்ணீர் குடிக்காமை, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, எங்கோ விழுந்து தலையில் பட்ட அடி ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம், பெரும்பாலானவற்றைச் சரிசெய்யவும் முடியும். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் உள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும், தூக்கத்துக்கென்று கடையில் வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவசரமில்லாத இன்னொரு நாளில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, கண்ணில் வெண்புரை எவ்வளவு என்றும் பார்த்துவிடுங்கள். “என்னைத் தெரியவில்லை” என்று பிள்ளைகள் அழுதுகொண்டு வந்த சிலருக்கு, காதைச் சுத்தம் செய்த பிறகு பிள்ளையின் குரலாவது கேட்கத் தொடங்கியது.